வட்டப்படத்திலிருந்து அட்டவணைக்கு: கூட்டினால் நூறு வருகிறதா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் மத்திய பட்ஜெட் தாக்கலான மறுநாள், செய்தித்தாள்களில் ஒரு வட்டப்படம் தவறாமல் வரும். அரசுக்கு வரும் ஒரு ரூபாயில் எந்தெந்த வழியில் எத்தனை காசு வருகிறது என்பதைத் துண்டுதுண்டாகக் காட்டும் படம் அது. ஒரு ரூபாய்க்கு நூறு காசு என்பதால், காசுக் கணக்கும் சதவீதக் கணக்கும் அங்கே ஒன்றேதான். இந்தப் படத்தைக் கைபேசியில் படம்பிடித்து, ஒவ்வொரு துண்டையும் அட்டவணையின் ஒரு வரிசையாக மாற்றினால்தான் கடந்த ஆண்டோடு ஒப்பிடவோ கூட்டிக் கழிக்கவோ முடியும்.

படம்பிடிக்கும்போது கைபேசி தாளுக்கு நேர் மேலே, தாளுக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பிறகு துண்டுகளின் அளவைக் கண்ணால் நம்ப முடியாது. வழவழப்பான தாளில் விளக்கொளி பட்டு ஓர் எண் மறைந்துபோவதும் உண்டு.

எண்களைப் படிக்கும்போது ஓர் ஒழுங்கு தேவை. கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றிவந்து, தொடங்கிய இடத்திலேயே முடிப்பது நல்லது. பெரிய எண்களை முதலில் எடுத்துக்கொண்டு சிறியவற்றைப் பிறகு தேடினால் ஏதாவது ஒன்று விடுபடும். எழுதத் தொடங்குவதற்கு முன்பே துண்டுகளை மட்டும் எண்ணித் தனியாகக் குறித்துக்கொள்வது பின்னால் பெரிதும் உதவும். 2025-26 பட்ஜெட்டின் வரவுப் படத்தில் எட்டுத் துண்டுகள். அவை அட்டவணையில் இப்படி அமையும்:

```
வகை,அச்சில் உள்ளபடி,எண்
கடன்கள் மற்றும் பிற பொறுப்புகள்,24%,24
வருமான வரி,22%,22
ஜிஎஸ்டி மற்றும் பிற வரிகள்,18%,18
நிறுவன வரி,17%,17
வரியல்லாத வருவாய்,9%,9
மத்திய கலால் வரி,5%,5
சுங்க வரி,4%,4
கடனல்லாத மூலதன வரவு,1%,1
```

அச்சில் உள்ளபடி ஒரு பத்தியும், கணக்குக்கான எண் தனிப் பத்தியில் இருப்பதும் வீண் வேலை அல்ல. விரிதாளில் 24% என்று அடித்தால் அது பெரும்பாலும் 0.24 என்றே உள்ளே பதிவாகும். ஒரு வரிசையில் 24% என்றும் அடுத்ததில் வெறும் 22 என்றும் அடித்தால் கூட்டுத்தொகை குழம்பிவிடும். எண்ணோடு சேர்ந்து ‘காசு’ என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டால் விரிதாள் அதை எழுத்தாகவே கொள்ளும். கூட்டும்போது எச்சரிக்காமலே விட்டுவிடும். எண் பத்தியில் வெறும் எண்கள் மட்டும் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=SUM(C2:C9)
```

மேலே உள்ள எட்டு எண்களுக்கும் விடை 100. ஆனால் சரியாகப் படித்த படங்களிலும் எப்போதும் நூறு வந்துவிடாது. அச்சிடுபவர்கள் தசமத்தை விட்டு முழு எண்ணாக்குவதே காரணம். மூன்று சமபங்குகளை 33, 33, 33 என்று அச்சிட்டால் கூட்டுத்தொகை 99. ஆறு சமபங்குகள் ஒவ்வொன்றும் 16.67, அவை 17 ஆக அச்சாகும்போது கூட்டுத்தொகை 102. எட்டுத் துண்டுகள் உள்ள படத்தில் 99 அல்லது 101 வருவது இயல்பு. 98, 102 எப்போதாவது வரலாம். அதையும் தாண்டினால் எண்ணைப் படித்ததில்தான் பிழை என்று கொண்டு தேடுவதே சரி. ஒரு தசமத்தோடு அச்சான படத்தில் இந்த வித்தியாசம் பத்தில் ஒரு பங்காகக் குறையும். அங்கே 99 வந்தால் அதை முழுமையாக்கலின் தலையில் போட முடியாது.

கூட்டுத்தொகை எவ்வளவு தவறியது என்பதே பிழையின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். மேற்கண்ட படத்தில் 94 வந்ததாக வைத்துக்கொள்வோம். குறைவது 6. மங்கலான அச்சில் 7 என்பது 1 போலத் தெரியும். ஒன்றுக்கும் ஏழுக்கும் உள்ள வித்தியாசம் ஆறுதான். ஆகவே ஒன்றில் முடியும் எண்களைப் பார்க்க வேண்டும். நிறுவன வரிக்கு எதிரே 11 இருக்கிறது. கடனல்லாத மூலதன வரவுக்கு எதிரே 1 இருக்கிறது. இரண்டில் எதை ஏழாக்கினாலும் நூறு வந்துவிடும். இங்கே கூட்டல் தீர்ப்புச் சொல்லாது. படத்தைத்தான் கேட்க வேண்டும்.

முழு வட்டம் 360 பாகை. ஒரு சதவீதத்துக்கு 3.6 பாகை. மூலதன வரவு 7 ஆக இருந்தால் அதன் துண்டு சுமார் 25 பாகை விரிந்து, 5 சதவீதக் கலால் வரித் துண்டைவிடப் பெரிதாகத் தெரிய வேண்டும். படத்திலோ அது கீற்றாக இருக்கிறது. நிறுவன வரி உண்மையிலேயே 11 என்றால், 22 சதவீத வருமான வரித் துண்டில் அது சரிபாதியாக இருக்க வேண்டும். படத்தில் அது ஜிஎஸ்டி துண்டோடு ஏறக்குறைய சமமாக நிற்கிறது. ஆகவே 17 தான் சரி. முப்பரிமாண வட்டப்படங்களில் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. முன்பக்கத் துண்டுகள் அங்கே பெரிதாகத் தோன்றும்.

கூட்டல் கண்டுபிடிக்காத பிழைகள் இரண்டு உண்டு, கவலைக்குரியவையும் அவைதான். முதலாவது, சிறிய துண்டு விடுபடுவது. மூலதன வரவின் கீற்றைக் கவனிக்காமல் விட்டால் கூட்டுத்தொகை 99. முழுமையாக்கலால் வந்த குறை என்று அது கடந்துபோய்விடும். முதலிலேயே எண்ணி வைத்த துண்டுகளின் எண்ணிக்கை இங்குதான் கைகொடுக்கும்: துண்டு எட்டு, வரிசை ஏழு என்றால் ஒன்று போயிருக்கிறது.

இரண்டாவது, எண்கள் இடம் மாறுவது. கலால் வரியின் 5 சுங்க வரிக்கும், சுங்க வரியின் 4 கலால் வரிக்கும் போய்விட்டால் கூட்டுத்தொகை அசையாது. வரிசை எண்ணிக்கையும் அசையாது. துண்டுக்கும் பெயருக்கும் இடையே மெல்லிய கோடு இழுத்த படங்களிலும், நிறத்தை வைத்துப் பெயரைக் கண்டுகொள்ள வேண்டிய படங்களிலும் இது எளிதில் நடக்கும். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் வெளிர்நீலமும் வெளிர்பச்சையும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த இரண்டு துண்டுகளுக்கும் இடையே வெறும் 3.6 பாகைதான் வித்தியாசம். கண்ணால் பார்த்து முடிவுசெய்வது நிச்சயமல்ல. ஆகவே வேறொரு எண் வேண்டும். அதே பட்ஜெட் ஆவணங்களின் அட்டவணையில் கலால் வரி மதிப்பீடு 3.17 லட்சம் கோடி ரூபாய், சுங்க வரி 2.40 லட்சம் கோடி. பெரியதற்கே 5 உரியது. இந்தத் தொகைகளைக் கொண்டு சதவீதத்தையே கணக்கிட்டுப் பார்க்க விரும்புவோர், வட்டப்படத்தின் மொத்தத்தில் மாநிலங்களுக்குப் பிரித்துத் தரும் வரிப்பங்கும் சேர்ந்திருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். மத்திய அரசின் செலவுத் தொகையான 50.65 லட்சம் கோடியால் வகுத்தால் விடை ஒத்துவராது.

எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் கூட்டுத்தொகை 99 அல்லது 101 என்றே நின்றால், அதை நூறாக்குவதற்காக ஏதாவது ஓர் எண்ணில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. எந்தத் துண்டில் தசமம் போனது என்பது படத்தில் இல்லை. திருத்தினால் அச்சில் இல்லாத ஓர் எண் அட்டவணைக்குள் வந்துவிடும். அச்சில் உள்ளபடியே வைத்து, கடைசி வரிசைக்குக் கீழே கூட்டுத்தொகையையும், அது முழுமையாக்கலால் மாறுபடுகிறது என்ற குறிப்பையும் எழுதுவதே முறை. படிக்க முடியாத எண்ணுக்கும் இதுவே விதி. மற்றவற்றை நூறிலிருந்து கழித்து அந்த இடத்தை நிரப்பலாம். ஆனால் அது கழித்துப் பெற்ற எண் என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். அப்படி நிரப்பிய அட்டவணை நூறு காட்டுவது எதையும் மெய்ப்பிக்காது; நூறு வரும்படியாகத்தான் அந்த எண்ணே வைக்கப்பட்டிருக்கிறது.