உருளையும் குழாயும்



நம் சமையலறைக்கு எரிவாயு இன்று இரு வழிகளில் வருகின்றது. ஒன்று, இரும்பு உருளையில் அடைபட்டு வரும் திரவ வாயு. மற்றொன்று, சில நகரங்களில் நிலத்தடிக் குழாய் வழியே வந்து சேரும் இயற்கை வாயு. இரண்டில் எது சிக்கனம்? முன்னது எடைக்கணக்கில் விற்கப்படுகின்றது. பின்னது கன மீட்டர்க் கணக்கில். ஒரு கடைக்காரன் அரிசியைப் படியால் அளந்தும், அடுத்த கடைக்காரன் நிறுத்தும் விற்பானாயின், விலையை மட்டும் கேட்டறிந்து என்ன பயன்?

என் அண்டை வீட்டார் குழாய் இணைப்புப் பெறலாமா என்று ஆலோசித்துக் கொண்டிருந்தனர். பள்ளி இறுதி வகுப்பில் பயிலும் அவர்கள் மகள் தன் ரசாயனப் புத்தகத்தைக் கொண்டுவந்து, எரிவெப்ப அட்டவணையைக் காட்டினாள். “ஐயா, உருளையில் இருக்கும் பியூட்டேன் ஒரு மோலுக்கு 2878 கிலோஜூல் வெப்பம் தருகின்றது. குழாயில் வரும் மீத்தேனோ 890 தான் தருகின்றது. உருளைதானே மும்மடங்கு மேல்?” என்றாள்.

எண்கள் சரியானவை, முடிவுதான் தவறு. மோல் என்பது மூலக்கூறுகளை எண்ணும் கணக்கு. பியூட்டேன் மூலக்கூறு நான்கு கார்பன் அணுக்களைச் சுமக்கும் பெரிய மூட்டை. மீத்தேனில் ஒன்றே ஒன்று. பெரிய மூட்டை அதிக வெப்பம் தருவதில் வியப்பில்லை. நாமோ மூலக்கூறுகளை எண்ணி வாங்குவதில்லை. எனவே ஒவ்வொன்றையும் அதன் மோல் எடையால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். பியூட்டேனின் மோல் எடை 58 கிராம்; 2878-ஐ 58-ஆல் வகுத்தால் கிராமுக்கு 49.6 கிலோஜூல். மீத்தேனுக்கு 16 கிராம். 890-ஐ 16-ஆல் வகுத்தால் 55.6. நிலைமை தலைகீழாயிற்று!

காரணம் ஹைட்ரஜனில் இருக்கின்றது. ஒரு கிராம் ஹைட்ரஜன் எரிந்தால் ஏறத்தாழ 143 கிலோஜூல் வெளிப்படும். ஒரு கிராம் கார்பன் தருவது 33 மட்டுமே. மீத்தேனின் எடையில் நூற்றுக்கு 25 பங்கு ஹைட்ரஜன். பியூட்டேனில் 17 பங்கு.

இனி விலைக்கு வருவோம். 15 பாகை வெப்பநிலையிலும் சாதாரண வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 42.3 மோல் வாயு அடங்கும். அவ்வளவு மீத்தேனை எரித்தால் கிடைப்பது 37.6 மெகாஜூல். வீட்டு உருளையில் இருப்பது 14.2 கிலோகிராம், அதைப் பியூட்டேன் என்றே கொண்டால் 704 மெகாஜூல். ஆகவே ஓர் உருளை 18.7 கன மீட்டருக்குச் சமம்.

இங்கே ஒரு சிறு திருத்தம் தேவை. பல புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அட்டவணையின் எண்கள், எரிதலில் உண்டாகும் நீர் குளிர்ந்து திரவமாகிவிடும் என்று கொண்டு கணித்தவை. நம் அடுப்பிலோ அந்நீர் ஆவியாகவே பாத்திரத்தின் பக்கவாட்டில் ஓடிவிடுகின்றது. மோலுக்கு 44 கிலோஜூல் வெப்பத்தையும் உடன் கொண்டு போகின்றது. மீத்தேன் ஒரு மோல் எரிந்தால் இரண்டு மோல் நீர். 890-இல் 88 போக, 802 நிற்கும். பியூட்டேனுக்கு ஐந்து மோல் நீர். 2878-இல் 220 போக, 2658. ஹைட்ரஜன் மிகுந்த மீத்தேனுக்கே நூற்று விகிதத்தில் இழப்பு அதிகம். திருத்திய கணக்கின்படி உருளையில் 651 மெகாஜூல், கன மீட்டரில் 33.9. ஓர் உருளைக்கு 19.2 கன மீட்டர் ஈடாகின்றது.

உருளையின் விலை 900 ரூபாய் என்று உதாரணத்திற்குக் கொள்வோம். 19.2-ஆல் வகுத்தால் 46 ரூபாய் 90 காசு வரும். குழாய் வாயுவின் கன மீட்டர் விலை இதற்குக் கீழே இருந்தால் குழாய் மலிவு. மேலே போனால் உருளை மலிவு. விலைகள் மாறிக்கொண்டே இருக்கும். வகுக்கும் எண் மாறாது. குழாய்க்கு மாதந்தோறும் நிலைக்கட்டணம் உண்டாயின் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறு குடும்பத்துக்கு அதுவே முடிவைப் புரட்டிவிடும். உண்மை உருளையில் பியூட்டேனோடு புரொப்பேனும் கலந்திருக்கும். அதன் எரிவெப்பம் கிராமுக்கு 50.5 கிலோஜூல், ஆதலால் விடை சற்றே அசையும், அவ்வளவுதான்.

இரண்டு அடுப்புகளும் ஒரே திறமையுடன் எரிகின்றன என்று இதுவரை கொண்டோம். அதற்கு அடுப்பின் துளை வாயுவுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும். சம கொள்ளளவில் மீத்தேனின் வெப்பம் பியூட்டேனின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எனவே மீத்தேனுக்குப் பெரிய துளை வேண்டும். உருளை அடுப்பை அப்படியே குழாயில் மாட்டினால் சுடர் சிறுத்துச் சோறு வேகத் தாமதமாகும். குழாய் அடுப்பை உருளையில் மாட்டுவதோ இன்னும் கேடு. காற்றுப் போதாமல் சுடர் மஞ்சளாகும். பாத்திரத்தின் அடியில் கரி படியும். நச்சுவாயுவாகிய கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். இணைப்பை மாற்றும் நாளில் துளையையும் பயிற்சி பெற்ற பணியாளரைக் கொண்டு மாற்றிய பிறகே அடுப்பைப் பற்றவைத்தல் வேண்டும்.