நான்கு தவணையில் பிரீமியம்: கேட்பதற்கு முன்

கோவையில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு பம்ப் தயாரிப்புப் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். ஊழியர்களுக்கான குரூப் மெடிக்ளெய்ம் பாலிசி ஏப்ரல் 1 அன்று புதுப்பிக்க வேண்டும். பிரீமியம் 4 லட்சம், 18 சதவீத ஜிஎஸ்டி 72,000. மொத்தம் 4,72,000 ரூபாய். மார்ச் கடைசியில் கையில் ரொக்கம் இல்லை. பார்ட்டிகளிடமிருந்து வர வேண்டிய பணம் நிற்கிறது. ‘நான்கு தவணையாகக் கட்டலாமா’ என்று முதலாளி கேட்கிறார்.

எல்லா பாலிசிக்கும் இப்படிக் கேட்க முடியாது. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தில் 64விபி என்றொரு பிரிவு இருக்கிறது. பிரீமியம் கைக்கு வராமல் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பு ஏற்கக் கூடாது என்கிறது அது. பட்டறையின் தீ பாலிசிக்கும் வண்டி பாலிசிக்கும் பொதுவாக முழுப் பணமும் முன்கூட்டியே கேட்பது இதனால்தான். மருத்துவக் காப்பீட்டில் தவணைக்கு இடமுண்டு. அதிலும் ஒவ்வொரு தவணையும் அந்தந்தக் காலாண்டு தொடங்கும்போது வந்துவிட வேண்டும். நம் பட்டறைக்கு அந்தத் தேதிகள் ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1, ஜனவரி 1.

புதுப்பிப்புக்கான கொட்டேஷன் கேட்கும்போதே, ஆண்டுத் தொகைக்கு ஒரு விலை, காலாண்டுத் தவணைக்கு ஒரு விலை என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். தவணைக்கு 3 சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். ஜிஎஸ்டியோடு அது 14,160 ரூபாய். கேட்க 3 சதவீதம்தான். ஆனால் முதல் தவணை போக மீதியைத்தானே தள்ளிப் போடுகிறோம், அதுவும் காலாண்டுக்குக் காலாண்டு குறைந்துகொண்டே போகிறது. பழைய தொகையை நான்காகப் பிரித்தால் ஒரு தவணை 1,18,000. நம் கையில் நிற்பது முதல் மூன்று மாதம் 3,54,000, அடுத்த மூன்று மாதம் 2,36,000, பிறகு மூன்று மாதம் 1,18,000. ஆண்டுக் கணக்கில் சராசரி 1,77,000 ரூபாய்தான். அதற்கு 14,160 என்றால் உண்மையான வட்டி 8 சதவீதம். வங்கியில் ஓடி வட்டி 12 சதவீதமாக இருந்தால் தவணை லாபம். கூடுதல் கட்டணம் 5 சதவீதம் என்றால் வட்டி 13 சதவீதத்தைத் தாண்டிவிடும். அப்போது ஓடியில் எடுத்து மொத்தமாகக் கட்டுவதே மேல்.

அடுத்தது தவறினால் என்ன ஆகும் என்பது. அக்டோபர் 1 அன்று கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பிவிட்டது. மருத்துவக் காப்பீட்டில் மாதத் தவணைக்கு 15 நாளும் மற்றவற்றுக்கு 30 நாளும் சலுகைக் காலம் உண்டு. முன்பெல்லாம் அந்த நாட்களில் தவணை வந்து சேரும்வரை பாதுகாப்பு கிடையாது. ஐஆர்டிஏஐ 2024இல் கொண்டுவந்த விதிகளின்படி, தவணை பாலிசிக்குச் சலுகைக் காலத்திலும் பாதுகாப்பு தொடரும். ஆகவே அக்டோபர் 20 அன்று ஒரு ஊழியர் மருத்துவமனையில் சேர்ந்தால் கிளெய்ம் உண்டு. அக்டோபர் 31க்குள்ளும் பணம் போகவில்லை என்றால் பாலிசி ரத்து. நவம்பர் 3 அன்று இன்னொருவர் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்து அட்டையை நீட்டினால், கவுன்ட்டரில் ‘பாலிசி நடப்பில் இல்லை’ என்பார்கள். முதலாளி மறந்த தவணைக்குப் பில் கட்டுவது அந்த ஊழியர்.

முதலாளிகள் படிக்காமல் விடும் இன்னொரு வரியும் உண்டு. ஒரு கிளெய்ம் வந்தால் மீதித் தவணைகள் எல்லாம் உடனே கட்ட வேண்டியவை ஆகிவிடும், அவற்றைக் கிளெய்ம் தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளலாம் என்று தவணை ஷரத்தில் இருக்கும். தனிநபர் பாலிசிக்கு அது நியாயமாகவே தோன்றலாம். அறுபது குடும்பங்கள் உள்ள குரூப்பில் முதல் மாதமே யாராவது மருத்துவமனைக்குப் போவார்கள். ஏப்ரலில் ஒரு டெங்கு கிளெய்ம் வந்தாலே தவணை வசதி முடிந்தது. ஆகவே கடிதத்தில் இப்படிக் கேளுங்கள்: ‘கிளெய்ம் வந்தாலும் மீதித் தவணைகள் அவற்றின் உரிய தேதிகளிலேயே செலுத்தப்படும். கெடு கடந்து நிலுவையில் உள்ள தவணையை மட்டுமே நிறுவனம் எங்களிடம் கோரும். ஊழியரின் கிளெய்ம் தொகையில் பிடித்தம் கூடாது. ரத்துக்கு முன் எங்களுக்கும் எங்கள் ஏஜென்ட்டுக்கும் எழுத்தில் அறிவிப்பு வேண்டும்.’ எல்லாவற்றுக்கும் சம்மதிப்பார்கள் என்றில்லை. பிடித்தம் கூடாது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்மதித்தது பாலிசியிலோ எண்டார்ஸ்மென்ட்டிலோ, நான்கு தேதிகளோடும் தொகைகளோடும் அச்சாகி வர வேண்டும். ‘சொல்லிட்டேன் சார், பார்த்துக்கலாம்’ என்ற ஏஜென்ட் வார்த்தை கிளெய்ம் நாளில் நிற்காது. அவர் மேசையில் கொடுத்து வைத்த பின்தேதியிட்ட காசோலையும் கட்டிய பிரீமியம் ஆகாது. தவணைத் தேதிக்கு ஐந்து நாள் முன்பே பணத்தை அனுப்பி, நிறுவனத்தின் ரசீது வந்ததா என்று பாருங்கள். அந்த ரசீதின் நகலை ஊழியர்கள் பார்க்கும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.