இரண்டு மெயில்பாக்ஸ்கள் ஒன்றுக்கொன்று பதில் போட்டுக்கொண்டே இருந்தால்

பம்ப் செட் தயாரிக்கும் ஒரு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புகார்களுக்கென்றே அங்கு தனியாக ஒரு மெயில்பாக்ஸ் உண்டு. மெயில் வந்ததும் மென்பொருள் அதற்கு ஒரு டிக்கெட் எண் போட்டு, "உங்கள் மெயில் கிடைத்தது, உங்கள் எண் 1041" என்று பதில் அனுப்பிவிடும். அவர்களுடைய சரக்கை ஏற்றிச் செல்லும் லாரி நிறுவனத்திலும் இதே ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு லாரி நிறுவன ஊழியர் ஒருவர், தன் அலுவலகத்தின் பொது முகவரியிலிருந்து பம்ப் நிறுவனத்துக்கு ஒரு சின்ன விவரம் கேட்டு எழுதிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்.

பம்ப் நிறுவனத்தின் மென்பொருள் வழக்கம்போல் எண் போட்டுப் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் லாரி நிறுவனத்தின் மென்பொருளுக்குப் புதிதாக வந்த ஒரு மெயில். அதுவும் தன் பங்குக்கு ஒரு எண் போட்டு, "கிடைத்தது" என்று எழுதுகிறது. ஒவ்வொரு மென்பொருளும் மெயிலின் தலைப்பில் தன்னுடைய எண் இருக்கிறதா என்றுதான் தேடும். அடுத்தவர் அனுப்பும் பதிலில் அவருடைய எண்தான் இருக்கும். அதனால் பழைய டிக்கெட்டோடு சேராமல், வருகிற ஒவ்வொன்றும் புது டிக்கெட்டாகிறது. புது டிக்கெட் என்றால் புதிதாக ஒரு பதிலும் போகும். இரண்டு பக்கமும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மெயில்பாக்ஸைத் திறந்து பார்ப்பதாக வைத்தால், ஒரு சுற்று முடிய அதிகபட்சம் 10 நிமிடம். திங்கள் காலை 9 மணிக்குள் 63 மணி நேரம் ஓடிவிடும். ஆளுக்குக் குறைந்தது 378 டிக்கெட்டுகள் சேர்ந்திருக்கும். மோட்டார் எரிந்துபோன விவசாயியின் புகாரும் அவற்றுக்கு நடுவில்தான் எங்கோ கிடக்கும்.

தேக்கம் அத்தோடு நிற்பதில்லை. மெயில் சேவைகள் ஒரு கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருக்கின்றன. கூகுள் வொர்க்ஸ்பேஸில் அது பொதுவாக 2000. இப்படி இரண்டு மூன்று சுழல்கள் ஒரே நேரத்தில் ஓடினால், அதிலும் நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும் மென்பொருளாக இருந்தால், அந்த வரம்பு தீர்ந்து உண்மையான வாடிக்கையாளருக்குப் பதில் அனுப்ப முடியாமல் போய்விடும்.

மெயில் சர்வர்களே இதைத் தடுக்காதா? அவற்றிடம் ஒரு பாதுகாப்பு உண்டு. ஒரு மெயில் எந்தெந்த சர்வர் வழியாக வந்ததோ, அவை ஒவ்வொன்றும் அதன் தலைப்பகுதியில் `Received` என்று ஒரு வரி சேர்க்கும். அந்த வரிகள் அளவுக்கு மீறிப் பெருகினால், மெயில் வழிதெரியாமல் சுற்றுகிறது என்று கண்டு சர்வர் அதை நிறுத்திவிடும். ஆனால் அது ஒரே மெயில் சுற்றிச்சுற்றி வருவதற்கான காவல். நம் கதையில் ஒவ்வொரு பதிலும் புதிதாக எழுதப்பட்ட மெயில். அதனால் வரிக் கணக்கும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

ஆகவே மெயிலுக்குள் பார்க்க வேண்டும். நாம் திரையில் காணும் அனுப்புநர், தலைப்பு ஆகியவற்றுக்குப் பின்னால் ஹெடர் என்ற பகுதி இருக்கிறது. ஒழுங்காக எழுதப்பட்ட தானியங்கிப் பதிலின் ஹெடர் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
Return-Path: <>
From: office@lorry.example
Auto-Submitted: auto-replied
In-Reply-To: <ack-1041@pump.example>
```

முதல் வரியில் அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லை. "இதற்குப் பதில் அனுப்ப முகவரியே கிடையாது" என்று பொருள். மூன்றாவது வரி, இதை எழுதியது மனிதர் அல்ல, எந்திரம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த வழக்கத்தை 2004இல் வெளியான RFC 3834 என்ற இணைய விதிக்குறிப்பு வகுத்தது. இந்த இரண்டில் ஒன்றைக் கண்டாலும் பதில் அனுப்பக் கூடாது என்பது முதல் சோதனை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் பயன்படுத்தும் `X-Auto-Response-Suppress` என்ற வரியையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

இங்கே பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இந்த அடையாளம் உள்ள மெயில்களையெல்லாம் குப்பைக்கு அனுப்பிவிடுகிறார்கள். கட்டண ரசீது, சரக்கு கிளம்பிய தகவல் போன்றவையும் எந்திரம் அனுப்புபவைதான். அவற்றிலும் `auto-generated` என்ற அடையாளம் இருக்கக்கூடும். மெயிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், டிக்கெட்கூடப் போடுங்கள்; பதிலை மட்டும் நிறுத்துங்கள். சுழல் அறுபடுவதற்கு இரண்டில் ஒரு பக்கம் வாய்மூடினாலே போதும்.

உண்மையான சிக்கல், இந்த அடையாளங்களை வைக்காத மென்பொருள்கள். விதிக்குறிப்பு பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது. லாரி நிறுவனத்தின் மென்பொருள் அப்படிப்பட்டது என்றால், அதன் பதில் பார்வைக்கு மனிதர் எழுதிய மெயில் போலவே இருக்கும். அப்போது நடத்தையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரே முகவரியிலிருந்து நிறைய மெயில் வருகிறது என்பது மட்டும் போதாது. கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரும் ஒரு மணி நேரத்தில் ஐந்து மெயில் போடுவார். ஆனால் அவர் மெயில்கள் ஒழுங்கில்லாமல் வரும். ஒவ்வொன்றிலும் வேறு வேறு விஷயம் இருக்கும். எந்திரத்தின் மெயில்களோ ஏறக்குறைய ஒரே இடைவெளியில், எண்ணைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒரே வாசகத்தோடு வரும். இதைவிட உறுதியான தடயம் மேலே உள்ள நான்காவது வரி. வந்த மெயில் எதற்குப் பதில் என்பதை அது சொல்கிறது. அது நம் தானியங்கிப் பதிலையே சுட்டினால், மனிதரும் அப்படிப் பதில் போடலாம் என்பதால் முதல் முறை விட்டுவிடலாம். அந்த மெயிலுக்கு நாம் அனுப்பிய பதிலையும் சுட்டி, அதே வாசகத்தோடு இன்னொன்று வந்தால் அது சுழல்தான். நம் கதையில் சனிக்கிழமை பிறக்கும் முன்பே, மூன்றாவது டிக்கெட்டிலேயே பிடித்திருக்கலாம்.

சில மென்பொருள்கள் இந்த வரியையும் எழுதுவதில்லை. இன்னும் சில, ஒவ்வொரு பதிலையும் எண் கலந்த வேறு வேறு முகவரியிலிருந்து அனுப்புகின்றன. அப்போது முகவரி வாரியாக எண்ணினால் ஒவ்வொன்றும் ஒன்று என்றே காட்டும். @ குறிக்குப் பின்னால் வரும் பெயரை வைத்தும் எண்ண வேண்டும்.

இவை எல்லாம் தவறினாலும் காப்பாற்றும் ஒரு பழைய வழி உண்டு. யுனிக்ஸ் கணினிகளுக்காக எரிக் ஆல்மன் எழுதிய `vacation` நிரல், யாருக்குப் பதில் போட்டோம் என்று குறித்து வைத்துக்கொண்டு, தானாக அமைந்த கணக்கின்படி ஒரு வாரத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்குப் பதில் போடும். ஜிமெயிலின் விடுமுறைப் பதில் ஒரே நபருக்கு நான்கு நாளுக்கு ஒருமுறை. புகார் பெட்டிக்கு அவ்வளவு இடைவெளி ஒத்துவராது. ஒருவர் ஒரே நாளில் இரண்டு பம்ப்புகளைப் பற்றி எழுதலாம், இரண்டுக்கும் எண் வேண்டும். ஒரு முகவரிக்கு ஒரு மணி நேரத்தில் மூன்று பதில், அதற்கு மேல் வந்தால் பதிலில்லாமல் வாங்கி வைத்து ஊழியர் ஒருவருக்குத் தகவல் சொல்வது என்பது என் கணிப்பில் சரியான அளவு. தவறாக ஒரு வாடிக்கையாளர் இதில் மாட்டிக்கொண்டாலும் அவர் இழப்பது "கிடைத்தது" என்ற ஒரு வரியைத்தான். புகார் பத்திரமாக இருக்கும். ஆகவே வரம்பைத் தயங்காமல் இறுக்கிவைக்கலாம்.

இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. வேலைக்கு விடும் முன், சோதனைக்கென ஒரு மெயில்பாக்ஸ் திறந்து, எந்த அடையாளமும் வைக்காமல் வருகிற எல்லாவற்றுக்கும் பதில் போடும்படி அதை அமையுங்கள். அதிலிருந்து புகார் பெட்டிக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து டிக்கெட்டுகளை எண்ணுங்கள். நான்கோடு நின்றிருந்தால் வேலை செய்கிறது. தொடர்ந்து ஏறிக்கொண்டிருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் சரிசெய்தாக வேண்டும்.