வேலை எங்கே நிற்கிறது?

கல்லூரியிலிருந்து களப்பயிற்சிக்கு வரும் மாணவர் ஒரு நிறுவனத்தில் சில மாதங்கள்தான் இருப்பார். அவர் கிளம்பிய பிறகு தேர்வு, விடுமுறை என்று ஐந்தாறு வாரம் போன பின்னால்தான் அடுத்தவர் வருவார். இருவரும் நேரில் பார்த்துக்கொள்வதே இல்லை. நிரந்தர ஊழியர் மாற்றலாகிப் போனால் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்டர்ன் பார்த்த சில்லறை வேலைகளோ பக்கத்து இருக்கைக்காரருக்கும் தெரியாது. அதனால்தான் கடைசி வாரத்தில், “ஹேண்டோவர் எழுதிக் கொடுத்துட்டுப் போம்மா” என்கிறார்கள்.

எழுதியும் கொடுக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது, தான் என்னவெல்லாம் செய்தோம் என்ற பட்டியலாக, கல்லூரிக்குத் தரும் அறிக்கையின் சுருக்கமாக ஆகிவிடுகிறது. வரப்போகிறவருக்கு அந்தக் கதை தேவையில்லை. வேலை இப்போது எந்த இடத்தில் நிற்கிறது, அதை அடுத்து நகர்த்த வேண்டியது யார் என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மதுரையில் பன்னிரண்டு மாலைநேரப் படிப்பகங்கள் நடத்தும் ஒரு சிறு தொண்டு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே இருக்கும் சமூகப்பணி மாணவியின் வேலைகளில் ஒன்று, மாதந்தோறும் பிள்ளைகளின் வருகைக் கணக்கைத் தொகுப்பது. நோட்டில் அவர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: “வருகை அறிக்கை – நடந்துகொண்டிருக்கிறது.” இந்த வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் செய்ய முடியாது. அதையே இப்படி எழுதலாம்: “ஏப்ரல் வருகை அறிக்கை. 12 மையங்களில் 10 வந்துவிட்டன. செல்லூர், வில்லாபுரம் வரவில்லை; இரண்டு டீச்சர்களிடமும் 20ஆம் தேதி போனில் கேட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னார்கள். வந்ததும் தொகுப்புத் தாளில் ஏற்றி ஒருங்கிணைப்பாளரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்ற பிறகுதான் நன்கொடையாளருக்குப் போகும்.” இதில் பெரிய எழுத்துத் திறமை ஒன்றும் இல்லை. எவ்வளவு முடிந்தது, எது பாக்கி, பந்து யார் கையில், யார் ஒப்புதல் தர வேண்டும் என்ற நான்கும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

செல்லூரும் வில்லாபுரமும் ஏன் தாமதம் என்று ஒருவர் கேட்டால்தான் முக்கியமான சங்கதி வெளியே வரும். மற்ற பத்து டீச்சர்கள் கூகுள் படிவத்தில் நிரப்புகிறார்கள். இந்த இருவர் மட்டும் வருகைப் பதிவேட்டைப் படமெடுத்து, மாணவியின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புகிறார்கள். அவர் பார்த்துத் தட்டச்சு செய்துகொள்கிறார். எந்த நடைமுறைக் கையேட்டிலும் இது இருக்காது. பழகிப்போனதால் மாணவிக்கே இது ஒரு தனி வேலையாகத் தோன்றியிருக்காது. அவர் ஊருக்குப் போன பின்னும் படங்கள் அந்தப் போனுக்கே வந்துகொண்டிருக்கும். அலுவலகத்தில் இரண்டு மையங்களின் கணக்கு காலியாகக் கிடக்கும். இதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. கடைசி மாதத்து வாட்ஸ்அப் உரையாடல்களையும் அனுப்பிய மெயில்களையும் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தால் போதும். நினைவில் இல்லாத வேலைகள் அங்கே வரிசையாக நிற்கும்.

கோப்புகளுக்கு வருவோம். ‘கூகுள் டிரைவில் இருக்கிறது’ என்று எழுதினால் போதாது. அந்த ஃபோல்டரில் `attendance_final`, `attendance_final_new`, `attendance_final_new2` என்று மூன்று இருக்கும். எது உயிரோடிருக்கும் கோப்பு என்பது மாணவிக்கு மட்டுமே தெரியும். மற்ற இரண்டையும் ‘பழையவை’ என்று ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிட்டு, நடப்பில் உள்ளதன் இணைப்பை நோட்டில் ஒட்ட வேண்டும். டிரைவில் கோப்பின் பெயரை மாற்றினாலும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் இணைப்பு மாறாது. ஆனால் நகல் எடுத்தால் அது புதுக் கோப்பு, அதற்கு வேறு இணைப்பு.

இதைவிடப் பெரிய சிக்கல், கோப்பு யாருடையது என்பது. அந்தப் படிவத்தை மாணவி தன் சொந்த ஜிமெயிலில் உருவாக்கியிருந்தால் அதன் உரிமையாளர் அவர்தான், நிறுவனம் அல்ல. அலுவலகத்தில் எல்லோரும் திறந்து பார்க்க முடிவதால் யாருக்கும் இது உறைக்காது. ஆறு மாதம் கழித்து இடம் போதவில்லை என்று அவர் டிரைவைச் சுத்தம் செய்து அதையும் அழித்தால், முப்பது நாள் குப்பைத் தொட்டியில் இருந்துவிட்டு எல்லோருக்கும் சேர்த்தே போய்விடும். கல்லூரி தந்த மெயில் கணக்கென்றால் இன்னும் மோசம். படிப்பு முடிந்ததும் கல்லூரி கணக்கையே மூடிவிடலாம். பார்க்க அனுமதி இல்லாத ஒருவர் அனுமதி கேட்டால், அந்தக் கோரிக்கையும் போய்விட்ட உரிமையாளரின் மெயிலுக்கே போகும்.

நிறுவனமும் சாதாரண ஜிமெயில் வைத்திருந்தால், ‘பகிர்’ பகுதியில் உரிமையை மாற்றித் தரலாம். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அதை ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நடக்கும். படிவமும் அதன் பதில்கள் சேரும் தாளும் இரண்டு தனிக் கோப்புகள் என்பதால் இரண்டையும் மாற்ற வேண்டும். நிறுவனத்துக்குச் சொந்த டொமைனில் கணக்கு இருந்தால், ஜிமெயிலிலிருந்து அதற்கு இப்படி உரிமை மாற்ற முடியாது. நிறுவனக் கணக்கில் உள்ள ஒருவர் நகல் எடுக்க வேண்டும். நகலில் பழைய பதில்கள் வராது, இணைப்பும் மாறிவிடும். ஆகவே பத்து டீச்சர்களுக்கும் புது இணைப்பு போய், அதில் ஒரு நாளாவது அவர்கள் நிரப்பிப் பார்க்க வேண்டும். கடைசி வெள்ளிக்கிழமை மாலை செய்கிற காரியமில்லை இது. திங்கட்கிழமை நோட்டைத் தொடங்குவதற்கு முன்பே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் படம் அனுப்பும் இருவருக்கும் அலுவலக எண்ணைத் தந்து, மே மாதப் பதிவு அங்கே வருகிறதா என்று அதே வாரம் பார்த்துவிடலாம்.

தொடர்புகள் பகுதியில் பெயரும் எண்ணும் மட்டும் இருந்தால் அது டைரக்டரி. எதற்கு அவரைக் கூப்பிடுவது, எப்போது கூப்பிட்டால் எடுப்பார் என்பதும் வேண்டும். பகலில் வேறு வேலைக்குப் போகும் செல்லூர் டீச்சரை மாலை ஐந்துக்கு மேல்தான் பிடிக்க முடியும் என்றால், அந்த ஒரு வரி புதியவருக்கு ஒரு வார அலைச்சலை மிச்சமாக்கும். கொடுத்துவிட்டு வந்த வாக்குகளையும் இங்கேயே எழுதலாம்: ‘பழைய பாடநூல்கள் தருவதாகச் சொன்ன கடைக்காரரிடம் ஜூனில் வருவோம் என்று சொல்லியிருக்கிறேன்.’ அவரவர் குணநலன் பற்றிய விமர்சனம் வேண்டாம். அந்த நோட்டை அவர்களும் ஒருநாள் படிக்கலாம். பாஸ்வேர்டும் வேண்டாம். எந்தக் கணக்கு, அதன் பொறுப்பு யாரிடம் என்பது போதும். ஓடிபி யாருடைய போனுக்கு வருகிறது என்பதை மட்டும் கேட்டு மாற்றிவிட வேண்டும். அது மாணவியின் எண்ணாக இருந்தால் அடுத்தவர் உள்ளேயே நுழைய முடியாது.

எழுதி முடித்ததும் மேலதிகாரியிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவது வழக்கம். அவருக்கு விஷயம் தெரிந்திருப்பதால் விட்டுப்போன படிகளை அவரே மனத்துக்குள் நிரப்பிக்கொள்வார். இந்த வேலையைத் தொடாத ஒருவரிடம், கணக்கர் என்றாலும் சரி, புதன்கிழமை நோட்டைக் கொடுத்து, தன் கணினியில், தன் கணக்கிலிருந்து, ஒரு மையத்தின் வருகையை ஏற்றச் சொல்ல வேண்டும். மாணவி பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்கக் கூடாது. அவர் திரும்பிப் பார்த்துக் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நோட்டில் சேர வேண்டிய ஒரு வரி. இணைப்பு திறக்காவிட்டால் அதைச் சரிசெய்ய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

நோட்டின் தலைப்பில் எழுதிய தேதி இருக்கட்டும். ‘வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னார்கள்’ என்ற வரியை ஜூலையில் படிப்பவர், அது எந்த வெள்ளிக்கிழமை என்று தெரிந்தால்தான் அந்தக் கணக்கு இதற்குள் வந்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்குவார்.