கண்ணில் படுபவருக்கே நல்ல ப்ராஜெக்ட்

ஹரிஸ் பார்க்கில் குடியிருப்பவர் பரமட்டா அலுவலகங்களுக்கு நடந்தே போய்விடலாம். சிட்னி நகர மையத்துக்கு ரயிலில் ஏறத்தாழ அரை மணி நேரம். ஆனால் அவருடைய டீமில் இருக்கும் எல்லோருக்கும் அந்த வசதி கிடையாது. ஒருவர் ஸ்கோஃபீல்ட்ஸில் இரண்டு சிறு பிள்ளைகளோடு இருப்பார், ஒருவர் மெல்பர்னில் இருப்பார், நான்கைந்து பேர் சென்னை ஓ.எம்.ஆரில் இருப்பார்கள். 2024 ஆகஸ்ட் நிலவரப்படி ஆஸ்திரேலியாவில் வேலை செய்வோரில் 36 சதவீதம் பேர் வழக்கமாக வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாக அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறை சொல்கிறது. இப்படிக் கலந்து கிடக்கும் டீம்களில் நல்ல வேலை யாருக்குப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேலாளரின் கண்ணில் அடிக்கடி படுபவருக்கே போகிறது என்ற புகாருக்கு ஆதாரம் இருக்கிறது. சிக்கல் பதவி உயர்வுக் கூட்டத்தில் தொடங்குவதில்லை, அதற்குப் பல மாதங்கள் முன்பே, வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதே என் வாதம்.

இதற்கான தெளிவான சான்று ஷாங்காயிலிருந்து வந்தது. சிட்ரிப் என்ற பயண முன்பதிவு நிறுவனம் 2010 இறுதியில் தன் கால் சென்டரில் ஒன்பது மாதச் சோதனை ஒன்றை நடத்தியது. ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் நிக்கோலஸ் புளூம் அதை ஆராய்ந்தார். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். மற்றவர்கள் முன்போலவே அலுவலகம் வந்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போவோர் எண்ணிக்கை பாதியானது. ஆனால் ஒரே அளவு திறமை காட்டியவர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு கிடைத்த விகிதம் ஏறத்தாழ பாதிதான். இருவகையினரையும் பிரித்தது பிறந்த தேதி என்பதால், சோம்பேறிகள்தான் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. பதவி உயர்ந்தால் அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும் என்று சிலர் தாமாகவே ஒதுங்கியிருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். அதைக் கழித்தாலும் ஒன்று என்னை உறுத்துகிறது. இது ஒவ்வொரு அழைப்பும் எண்ணப்படும் கால் சென்டர். உழைப்பு இவ்வளவு துல்லியமாகப் பதிவாகும் இடத்திலேயே இந்த நிலை என்றால், உழைப்பை எண்ண முடியாத மென்பொருள், ஆலோசனை, நிர்வாக வேலைகளில் என்ன நடக்கும்?

அங்கே நடப்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். புதன்கிழமை மூன்று மணிக்கு வாடிக்கையாளரிடமிருந்து அவசர மின்னஞ்சல் வருகிறது. நான்கு மணிக்குப் பேச வேண்டும். மேலாளர் நிமிர்ந்து பார்க்கிறார், எதிர் மேஜையில் ஒருவர் இருக்கிறார், "நீங்க வர்றீங்களா?" என்கிறார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வாடிக்கையாளருக்கு அவர் முகம் பழகிவிடுகிறது. எங்கே சிக்கல் என்பதும் அவருக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே வாடிக்கையாளரின் பெரிய ப்ராஜெக்ட் வரும்போது, விவரம் தெரிந்தவர் என்று அவர் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆண்டிறுதி மதிப்பீட்டில் அவர் உண்மையிலேயே கூடுதலாகச் சாதித்திருப்பார், மதிப்பீடும் நியாயமாகவே தோன்றும். 2010இல் எல்ஸ்பாக், கேபிள், ஷெர்மன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது: ஒருவர் என்ன செய்கிறார் என்று தெரியாமலேயே, அலுவலகத்தில் அவரைப் பார்த்தாலே நம்பகமானவர் என்று மனம் முடிவு கட்டுகிறது, வேலை நேரம் முடிந்த பிறகும் அங்கே பார்த்தால் அர்ப்பணிப்பு உள்ளவர் என்கிறது. அப்படி முடிவு கட்டுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் எல்லோரும் அலுவலகத்துக்கு வந்துவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் அரசு தன் ஊழியர்கள் முதன்மையாக அலுவலகத்திலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அருகில் இருந்தால் கற்றுக்கொள்ளலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் வலுவான காரணம், அது உண்மையும்கூட. ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமண்டா பலே ஆகியோர் ஆராய்ந்தபோது, டீம் முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்தவர்கள் எழுதிய நிரலுக்குச் சகாக்களிடமிருந்து கூடுதலான கருத்துகள் கிடைத்தது தெரிந்தது. ஆனால் அதே ஆய்வில் வேறொன்றும் தெரிந்தது. ஒரே ஒருவர் சில நிமிட நடைத் தொலைவில் உள்ள வேறு கட்டடத்தில் இருந்தாலும், ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்களுக்குள்கூட அந்தப் பரிமாற்றம் குறைந்தது. சிட்னியில் இருப்பவர்களை எல்லாம் மேஜைக்கு வரவழைத்தாலும், சென்னையில் இருப்பவர் சென்னையில்தானே இருக்கப்போகிறார்? அவருக்கு எந்த வருகைப் பதிவேடும் உதவாது.

வீட்டில் இருந்தால் பின்தங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. அதே சிட்ரிப், இப்போது டிரிப்.காம், 2021-22இல் 1612 ஊழியர்களிடம் மறுபடி சோதித்தது. இந்த முறை ஒரு தரப்புக்கு மட்டும் புதன், வெள்ளி இரண்டு நாள் வீடு. மற்ற மூன்று நாளும் எல்லோரும் அலுவலகத்தில். பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் இரு தரப்புக்கும் வேறுபாடு தெரியவில்லை என்று 2024இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. வேலை விலகல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அந்த நிறுவனத்தில் முறையான மதிப்பீட்டு ஏற்பாடும் இருந்தது. பொதுவான மூன்று நாளும் முறையான மதிப்பீடும் சேர்ந்தால் பாதிப்பு மறையலாம் என்றே இதைப் படிக்கிறேன். வாரம் முழுவதும் தொலைவில் இருப்பவருக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

சட்டம் இருக்கிறதே என்றால், அது பாதி வழிதான் வரும். ஓராண்டு பணி முடித்த பெற்றோர், பராமரிப்பாளர், 55 வயது நிறைந்தோர் போன்றோர் நெகிழ்வான பணிமுறை கேட்கலாம். நிறுவனம் 21 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அப்படிக் கேட்டதற்காக ஒருவரைப் பாதகமாக நடத்துவதையும் 'ஃபேர் வொர்க்' சட்டம் தடுக்கிறது. ஆனால் கிடைக்காத ப்ராஜெக்ட் எந்தக் கோப்பிலும் இருக்காது. அது யாருக்கும் அறிவிக்கப்படாமலே கைமாறியிருக்கும்.

அதனால் பதிவேடு வேண்டியது வருகைக்கு அல்ல, வேலை ஒதுக்கீட்டுக்கு. புதிய வேலை, கொடுத்த தேதி, யாருக்கு, வேறு யாரிடம் கேட்கப்பட்டது என்று நான்கு கட்டங்கள் போதும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்துப் பேர் டீமில் ஐவர் பெரும்பாலும் அலுவலகத்தில், ஐவர் பெரும்பாலும் வீட்டில். அனுபவம் ஏறக்குறைய சமம். அரையாண்டில் வந்த 12 நல்ல வேலைகளில் 9 அலுவலக ஐவருக்குப் போயின. இதை வைத்தே குற்றம் சாட்ட முடியாது; காசு சுண்டிக் கொடுத்திருந்தாலும் ஒன்பதோ அதற்கு மேலோ அலுவலகப் பக்கம் போக நூற்றுக்கு ஏழு வாய்ப்பு உண்டு. அடுத்த அரையாண்டும் அதே கணக்கானால், 24இல் 18. அது தற்செயலாக நேர நூற்றுக்கு ஒன்றுதான் வாய்ப்பு. அதற்குப் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியவர் மேலாளர். எல்லாவற்றையும் எழுதி வைக்க நேரமில்லை என்பார்கள். நல்ல வேலைகள் மாதத்துக்கு இரண்டுதான் வருகின்றன; எழுத இரண்டு நிமிடம் ஆகாது. அந்த நான்காவது கட்டம்தான் முக்கியம். யாரிடமும் கேட்கவில்லை என்று எழுத வேண்டியிருந்தாலே, மேலாளர் ஒரு முறை யோசித்துவிட்டு மெல்பர்னுக்கோ சென்னைக்கோ செய்தி அனுப்புவார்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் அடுத்த மதிப்பீட்டுச் சந்திப்பில் "நான் எப்படிச் செய்கிறேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் டீமுக்கு வந்த புதிய வேலைகள் எவை, அவை யாருக்குப் போயின என்று கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.