வர்ணம் தீட்டுவது குழந்தையா, போனா?

“அம்மா, இந்த யானைக்குப் பூட்டு போட்டிருக்கு. தொறந்து குடும்மா!”

செல்போனில் படத்துக்கு வர்ணம் தீட்டும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘அப்பாடா, பத்து நிமிஷம் சமையலைப் பார்க்கலாம்’ என்று நகர்கிற தாய்மார்கள் பலருக்கும் இந்தக் குரல் பழக்கமாகியிருக்கும். பூட்டைத் தொட்டால் ஒரு விளம்பரப் படம் ஓடும், அல்லது பணம் கட்டச் சொல்லும். குழந்தைக்கு அது விளம்பரமா, விளையாட்டின் ஒரு பகுதியா என்று தெரியாது. பளபளவென்று எது தெரிகிறதோ அதைத் தொடும். அவ்வளவுதான்!

‘இலவசம்’ என்று சொல்லப்படும் குழந்தை ஆப்கள் பலவற்றின் வரும்படியே இந்தப் பூட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர்கள் சிறு குழந்தைகளுக்கான 135 ஆப்களை ஆராய்ந்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 ஆப்களில் ஏதோ ஒரு வடிவத்தில் விளம்பரம் இருந்தது. பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் ஆப்புக்குள் பொருள் வாங்கிவிட்ட விவகாரத்தில், 2014-ல் ஆப்பிள் நிறுவனம் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும், கூகுள் நிறுவனம் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர அந்நாட்டு அரசிடம் ஒப்புக்கொண்டன. ஆக, நம் வீட்டு வாண்டு மட்டும் இப்படி இல்லை!

அப்படியானால் எந்த ஆப்பைப் போடுவது? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

போடுவதற்கு முன்னால்

ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து ஆப்பின் பெயரைத் தட்டுங்கள். பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் Contains ads என்று இருந்தால் விளம்பரம் வரும் என்று பொருள். In-app purchases என்று இருந்தால் உள்ளே காசு கேட்கும். இரண்டும் இல்லை என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. ஐபோனில் வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே In-App Purchases என்று போட்டிருக்கும்.

‘ஏழு நாள் இலவசம்’ என்கிற ஆப்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். ஆரம்பத்திலேயே கார்டு விவரமோ யூபிஐ அனுமதியோ வாங்கிக்கொள்வார்கள். எட்டாம் நாள் பணம் தானாகப் போகும். “நான்தான் ஆப்பையே அழிச்சுட்டேனே!” என்று சொல்லிப் பிரயோஜனம் இல்லை, ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையிலுள்ள உங்கள் படத்தைத் தட்டி, Payments & subscriptions என்ற இடத்துக்குப் போய் அதைத் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

அடுத்தது, நீங்களே பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்கள். முதலில் நெட் இருக்கும்போது. பிறகு ஏரோப்ளேன் மோடைப் போட்டுவிட்டு. நெட் இல்லாமலும் அந்த ஆப் தடையின்றி ஓடினால், குழந்தைக்குக் கொடுக்கும்போது எப்போதும் அப்படியே கொடுக்கலாம். நெட்டிலிருந்து வரும் விளம்பரம் எட்டிப் பார்க்க வழியிருக்காது. நெட் இல்லை என்றதும் ‘இணைப்பு வேண்டும்’ என்று அடம் பிடிக்கிற ஆப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஒரே படம், மூன்று இடம்

விளம்பரம் இல்லை, காசு கேட்கவில்லை. அதோடு முடிந்துவிட்டதா? இல்லை. குழந்தை உண்மையில் ஏதாவது வரைகிறதா என்று பார்க்க வேண்டாமா? நாலு வயதுக் குழந்தை ஒன்று, ‘மழையில் தாத்தா குடை பிடிச்சுட்டு வர்றார்’ என்று வரைய ஆசைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று விதமான ஆப்களில் அதை முயன்று பார்ப்போம்.

முதலாவது, எங்கும் கிடைக்கிற ‘தட்டினால் நிரம்பும்’ ரகம். கோட்டுப் படங்கள் வரிசையாக இருக்கும். கார், பொம்மை, ஒற்றைக் கொம்புக் குதிரை எல்லாம் உண்டு; தாத்தாவும் இல்லை, மழையும் இல்லை. சரி, யானையைத் தேர்ந்தெடுத்துக் காதைத் தட்டினால் காது முழுக்க ஒரே சீராக நீலம் நிரம்பிவிடும். ஒரு சொட்டு வெளியே போகாது. ஆறு தட்டில் படம் முடிந்தது! எந்தக் குழந்தை தட்டினாலும் அதே யானை, அதே கோடு. குழந்தை செய்தது நிறத்தைத் தேர்ந்தெடுத்தது மட்டும்தான். “முடிச்சுட்டேன், அடுத்தது!” என்று உடனே கேட்கும். அடுத்த படத்தில் பூட்டு இருக்கும். படம் சீக்கிரம் தீர்ந்தால்தானே பூட்டுக்கு வேலை?

இரண்டாவது, ‘கான் அகாடமி கிட்ஸ்’. பிளே ஸ்டோரில் Khan Academy Kids என்று தேடுங்கள். லாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று 2018-ல் வெளியிட்டது. இரண்டு முதல் எட்டு வயது வரைக்கும் பொருந்தும். விளம்பரமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. இதில் பாட்டு, கதை, எண் இவற்றோடு வரைவதற்கும் வர்ணம் தீட்டுவதற்கும் ஒரு பகுதி இருக்கிறது. வெற்றுத்தாளில் குழந்தை விரலாலேயே தாத்தாவை இழுக்கலாம். குறை என்னவென்றால், பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். முதல்முறை உங்கள் ஈ-மெயில் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். வரைவது இங்கே ஒரு சிறு பகுதிதான் என்பதால், ரெண்டு கோடு போட்டுவிட்டுக் குழந்தை வேறு பக்கம் தாவிவிடலாம்.

மூன்றாவது, ‘டக்ஸ் பெயின்ட்’. பென்குயின் பறவை ஒன்று கீழே நின்று வழி சொல்லும். பில் கெண்ட்ரிக் என்பவர் 2002-ல் தொடங்கியது. இன்றைக்கும் பலர் சேர்ந்து இலவசமாகவே வளர்த்து வருகிறார்கள். விளம்பரம், பூட்டு, காசு எதுவும் இல்லை. ஆண்ட்ராய்டிலும், வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அதிலும் ஓடும். கம்ப்யூட்டருக்கு tuxpaint.org என்ற முகவரியிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். பொத்தான்களின் பெயர்களைத் தமிழில் வைத்துக்கொள்ளவும் வசதி உண்டு.

இதில் நம் தாத்தா எப்படி வருகிறார், பாருங்கள். New என்பதைத் தொட்டு வெள்ளைத் தாளை எடுக்கிறோம். குழந்தை Paint தூரிகையால் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்தே இரண்டு கால்களை இழுக்கும். “உடம்பைக் காணோமே?” என்று கேட்காதீர்கள். மூன்று, நாலு வயதில் பெரும்பாலான குழந்தைகள் மனிதரை அப்படித்தான் வரையும்: தலை, தலையிலிருந்து கால்! பிறகு Fill பொத்தானைத் தொட்டு முகத்துக்கு நிறம் ஊற்றினால்... ஐயையோ, தாள் முழுக்கப் பழுப்பாகிவிட்டது! ஏன் தெரியுமா? வட்டம் ஓரிடத்தில் சேராமல் இடைவெளி இருந்திருக்கிறது. நிறம் அந்தச் சந்து வழியாக வெளியே ஓடிவிட்டது. Undo தொட்டால் பழையபடி ஆகும். இடைவெளியை மூடிவிட்டு மறுபடி ஊற்றினால் முகத்துக்குள்ளேயே நிற்கும். ‘கோட்டை மூடணும்’ என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்துவிட்டது! யானைக் காதைத் தட்டும் ஆப்பில் இந்தப் பாடத்துக்கு வழியே இல்லை. அங்கே கோடுகளை முன்கூட்டியே யாரோ மூடி வைத்துவிட்டார்களே.

Magic பொத்தானுக்குள் Rain என்று ஒன்று இருக்கிறது. விரல் போகிற இடமெல்லாம் மழைத்துளி விழும். Grass என்பதில் தாளின் கீழே தொட்டால் பெரிய புல், மேலே தொட்டால் சின்னப் புல். தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் என்பதை யாரும் சொல்லாமலே குழந்தை பார்த்துக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. பொத்தான்கள் அதிகம், சின்னப் போன் திரையில் நெருக்கமாக இருக்கும். டேப்லெட்டோ கம்ப்யூட்டரோ இருந்தால் சௌகரியம். Shapes பொத்தானால் சதுரம் போட்டால், போட்ட பிறகும் அது விரலோடு சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொரு தட்டு தட்டினால்தான் நிற்கும். சிறுசுகள் இதில் மிரண்டுபோகும். கம்ப்யூட்டரில் டக்ஸ் பெயின்டோடு வரும் Tux Paint Config என்பதைத் திறந்து, எளிய வடிவங்கள் என்ற விருப்பத்தை வைத்துவிட்டால் சுற்றுவது நின்றுவிடும். அங்கேயே சத்தத்தையும், வெளியேறும் பொத்தானையும் நிறுத்தி வைக்கலாம். Stamps என்பதில் அச்சுப் படங்கள் இருக்கும். குழந்தை அதையே குத்திக்கொண்டிருந்தால், மறுபடி ‘தட்டினால் நிரம்பும்’ கதைதான். முதல் சில நாள் தூரிகை, அழிப்பான், Undo மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நல்லதா என்று எப்படித் தெரியும்?

குழந்தை படத்தை முடித்ததும், “இது என்னடா கண்ணா?” என்று கேளுங்கள். “தாத்தா கடைக்குப் போறாரு, மழை வந்துடுச்சு, செருப்பு நனைஞ்சு போச்சு” என்று கதை வந்தால், ஆப் தன் வேலையைச் செய்திருக்கிறது. “யானை” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்து, கண் அடுத்த படத்துக்குப் போனால், அங்கே வரைந்தது போன்தான்.

கொடுப்பதற்கு முன் இரண்டு பூட்டு

நம் பங்குக்கு நாமும் பூட்டு போடலாமே! பிளே ஸ்டோரில் Settings சென்று, ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல்லோ கைரேகையோ கேட்கும்படி வையுங்கள். கைரேகையில் குழந்தையின் விரல் பதிவாகியிருக்கக் கூடாது, ஞாபகம் இருக்கட்டும். இரண்டாவது, போனின் Settings பகுதியில் App pinning என்று தேடி அதை இயக்கி, விடுவிக்கும்போது PIN கேட்கும்படி வைத்து, சமீபத்திய ஆப்கள் திரையில் அந்த ஆப்பை Pin செய்யுங்கள். அதன்பின் PIN தெரியாமல் குழந்தை அந்த ஒரு ஆப்பை விட்டு வேறெங்கும் போக முடியாது. ஐபோனில் இதற்கு Guided Access என்று பெயர்.

நேரத்துக்கும் ஓர் அளவு வேண்டும். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகளுக்கு எல்லாத் திரையும் சேர்த்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் நல்லது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். கண்ணாடித் திரையில் விரலைத் தேய்ப்பதால், பென்சில் பிடிக்கும் பலம் விரல்களுக்கு வந்துவிடாது. அழுத்தினால் கோடு தடிப்பதும், மெல்லப் பிடித்தால் வெளுப்பதும் கிரேயானில்தான் தெரியும். ஆகவே திரையில் வரைந்த அதே மழைத் தாத்தாவை, மறுநாள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கிரேயானால் வரையச் சொல்லுங்கள். அங்கே Undo கிடையாது. தாத்தாவின் முகத்தில் கோடு சேராமல் விட்டுப்போனால், குழந்தையே தேடி மூடுகிறதா என்று கவனியுங்கள்.