கரண்ட் பில்லுக்குள் இரண்டு செலவுகள்

இட்லி மாவு அரைத்து ஹோட்டல்களுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கொடுக்கும் சிறு தொழிற்கூடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சில பெரிய கிரைண்டர்கள், மாவு புளித்துப் பொங்கிவிடாமல் காக்க ஒரு குளிர்அறை, ஒரு பாக்கெட் போடும் இயந்திரம். அரைப்பு குறைந்த மாதங்களில் உரிமையாளருக்கு ஒரே புலம்பல்தான்: “அரைப்பு பாதியாக் குறைஞ்சும் கரண்ட் பில்லு அந்த அளவுக்குக் குறையலையே!”

குறையாததற்குக் காரணம் எளிது. கிரைண்டர் மாவு அரைக்கும்போது மட்டும் ஓடும். குளிர்அறையோ, உள்ளே நூறு கிலோ இருந்தாலும் ஆயிரம் கிலோ இருந்தாலும் இரவு பகலாக ஓடும். விளக்கும் அப்படித்தான். அரைப்பைப் பொறுத்து ஏறி இறங்குவது மாறும் செலவு. அரைப்பு எவ்வளவு என்றாலும் நிற்காமல் வருவது நிலையான செலவு. இரண்டும் ஒரே பில்லில் கலந்து வருவதால் மின்கட்டணத்தைப் பகுதி மாறும் செலவு என்று சொல்வார்கள்.

பில்லிலேயே நிலைக் கட்டணம் என்று ஒரு வரி தனியாக இருக்கிறதே, அதைக் கழித்தால் போதாதா என்று தோன்றும். போதாது. குளிர்அறை இழுக்கும் மின்சாரமும் மீட்டரில் யூனிட்டாகத்தான் ஓடுகிறது. மின்வாரியத்தைப் பொறுத்தவரை அது பயன்பாட்டுக் கட்டணம். உரிமையாளரைப் பொறுத்தவரை நிலையான செலவு. ஆகவே இரண்டையும் பிரிக்க, பில்லையும் அரைத்த மாவின் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஆறு மாதக் கணக்கு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

| மாதம் | அரைத்த மாவு (கிலோ) | மின்கட்டணம் (ரூபாய்) |
|---|---|---|
| மே | 8,000 | 20,600 |
| ஜூன் | 12,000 | 24,000 |
| ஜூலை | 9,000 | 20,400 |
| ஆகஸ்ட் | 13,000 | 25,000 |
| செப்டம்பர் | 14,000 | 26,000 |
| அக்டோபர் | 16,000 | 31,800 |

பெரும்பாலோர் செய்வது, மொத்தக் கட்டணத்தை மொத்த மாவால் வகுப்பது. 1,47,800 ரூபாயை 72,000 கிலோவால் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 2 ரூபாய் 5 பைசா வரும். இந்தக் கணக்கை நம்பினால், மே மாதத்தின் 8,000 கிலோவுக்கு 16,400 ரூபாய்தான் பில் வந்திருக்க வேண்டும். வந்ததோ 20,600. நிலையான செலவையும் கிலோ கணக்கில் பங்கு போட்டதுதான் கோளாறு.

உயர்-தாழ் முறை

பிரிப்பதற்கு மிக எளிய வழி உயர்-தாழ் முறை. அதிகம் அரைத்த மாதத்தையும் குறைவாக அரைத்த மாதத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நிலையான செலவு இரண்டு மாதத்திலும் ஒன்றே என்பதால், இரண்டு பில்லுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் கூடுதலாக அரைத்த மாவினால் வந்தது என்று கொள்கிறோம்.

இங்கே அக்டோபரும் மேயும். கூடுதலாக அரைத்தது 8,000 கிலோ. கூடுதல் கட்டணம் 11,200 ரூபாய். வகுத்தால் கிலோவுக்கு 1 ரூபாய் 40 பைசா. மே மாதத்தின் 8,000 கிலோவுக்கு இந்த விகிதத்தில் 11,200 ரூபாய். அதை 20,600-இல் கழித்தால் மீதி 9,400. அதுதான் மாதாந்தர நிலையான செலவு. அக்டோபரை வைத்துச் சரிபார்த்தாலும் அதே 9,400 வரும்; வராவிட்டால் கூட்டல் கழித்தலில் பிழை.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மாவின் எடையைப் பார்த்து. பில் தொகையைப் பார்த்து அல்ல. நம் பட்டியலில் மிகக் குறைந்த பில் ஜூலைக்கு, ஆனால் மிகக் குறைந்த அரைப்பு மேக்கு. கோடை வெயிலில் குளிர்அறையின் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடியதால் மே பில் சற்றுத் தூக்கலாக இருக்கிறது. பில்லைப் பார்த்து ஜூலையை எடுத்தவருக்கு, கிலோவுக்கு 1 ரூபாய் 63 பைசா என்று விடை வரும். செலவை எது ஏற்றி இறக்குகிறதோ, அதன் உச்சமும் அடியும்தான் கணக்கில் வர வேண்டும்.

முறை சரியாக இருந்தாலும் 1 ரூபாய் 40 பைசாவை அப்படியே நம்பலாமா? ஆறு மாதக் கணக்கு கையில் இருக்க, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நான்கைத் தூக்கிப் போட்டுவிட்டோம். மீதி நான்கையும் இந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செப்டம்பருக்கு 9,400-உடன் 14,000 கிலோவுக்கான 19,600-ஐச் சேர்த்தால் 29,000. உண்மையில் வந்த பில் 26,000. ஆகஸ்டுக்கு 27,600 என்கிறது கணக்கு, வந்தது 25,000. ஜூனிலும் ஜூலையிலும் இதே கதைதான், கணக்கு பில்லைத் தாண்டி நிற்கிறது. நான்கு மாதமும் ஒரே பக்கமாகத் தவறினால், தேர்ந்தெடுத்த இரண்டு மாதங்களில் ஒன்று சரியில்லை என்று பொருள்.

ஆறு புள்ளிகளுக்கும் ஒரு கோடு

எல்லா மாதங்களையும் கணக்கில் சேர்ப்பது ரெக்ரஷன். கல்லூரிப் புள்ளியியல் பாடத்தில் தொடர்புப் போக்கு என்று வரும். கட்டம் போட்ட தாளில் கிடைமட்டமாக மாவின் எடையும் செங்குத்தாகக் கட்டணமும் குறித்து, மாதத்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும். இந்தப் புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு போக வேண்டும். எந்தக் கோடு? ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கோட்டுக்கு மேலோ கீழோ உள்ள இடைவெளியை அளந்து, அதை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருகிறதோ அந்தக் கோடு. இந்த மீச்சிறு வர்க்க முறையை 1805-இல் அச்சில் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெழாந்தர். வால்மீன்களின் பாதையைக் கணிக்க அவருக்கு அது தேவைப்பட்டது.

கோட்டின் சரிவு கிலோவுக்கான மாறும் செலவு. கோடு செங்குத்து அச்சைத் தொடும் இடம் நிலையான செலவு. இன்று இதைக் கையால் போட வேண்டியதில்லை. எக்செல் தாளில் A பத்தியில் மாவின் எடையும் B பத்தியில் கட்டணமும் இரண்டாம் வரிசையிலிருந்து ஏழாம் வரிசை வரை இருந்தால், இந்த மூன்று வரிகள் போதும்:

```
=SLOPE(B2:B7,A2:A7)
=INTERCEPT(B2:B7,A2:A7)
=RSQ(B2:B7,A2:A7)
```

கட்டணப் பத்தியைத்தான் முதலில் தர வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் எக்செல் முணுமுணுக்காமல் ஏதோ ஒரு விடையைத் தந்துவிடும்.

நம் கணக்குக்குக் கிடைப்பது: கிலோவுக்கு 1 ரூபாய் 32 பைசா, நிலையான செலவு சுமார் 8,825 ரூபாய். மூன்றாவது வரி தருவது, பில்லின் ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு பங்கை மாவின் எடை விளக்குகிறது என்பதை. ஒன்றுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. இங்கே 0.91. பார்ப்பதற்கு அருமையான மதிப்பெண். ஆனால் விடை தவறு.

தாளில் வைத்த புள்ளிகளைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். ஐந்து புள்ளிகள் ஏறத்தாழ ஒரே கோட்டில் வரிசையாக நிற்கின்றன. அக்டோபர் மட்டும் மேலே எகிறி நிற்கிறது. இடைவெளியை வர்க்கமாக்குவதால், தள்ளி நிற்கும் ஒரு புள்ளி மற்றவற்றைவிடப் பல மடங்கு பலமாகக் கோட்டைத் தன் பக்கம் இழுக்கும். அதிலும் அது ஓரத்துப் புள்ளியாக இருந்தால் சரிவையே மாற்றிவிடும். அக்டோபரில் என்ன நடந்தது? சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினால் குளிர்அறையில் கேஸ் கசிந்து, சரிசெய்யும்வரை கம்ப்ரசர் ஓயாமல் ஓடியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இயல்பான மாதம் அல்ல.

அக்டோபரை நீக்கி ஐந்து மாதத்துக்குப் போட்டால் கிலோவுக்கு 98 பைசா, நிலையான செலவு சுமார் 12,250 ரூபாய், மூன்றாவது வரியின் விடை 0.97. அக்டோபரை விட்டுவிட்டு மேயையும் செப்டம்பரையும் வைத்து உயர்-தாழ் முறையில் போட்டாலும் 90 பைசாவும் 13,400 ரூபாயும் வருகின்றன, தூரம் அதிகமில்லை. இன்னொரு பயனும் உண்டு. அக்டோபரின் 16,000 கிலோவுக்கு இந்தக் கோட்டின்படி 27,900 ரூபாய் வந்திருக்க வேண்டும், வந்தது 31,800. கேஸ் கசிவு தின்ற பணம் சுமார் 3,900 ரூபாய் என்று தெரிகிறது.

ஆனால் கோட்டில் ஒட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒரு மாதத்தை நீக்கக் கூடாது. பழுது, மீட்டர் கோளாறு, முன்மாத நிலுவை என்று கையில் காட்டக்கூடிய காரணம் இருந்தால்தான் நீக்கலாம். மே மாதமும் கோட்டுக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. வெயில் ஆண்டுதோறும் வருவது, அதனால் அது கணக்கில் இருக்கத்தான் வேண்டும்.

கணக்கைக் கெடுக்கும் மூன்று விஷயங்கள்

முதலாவது, தேதி. மீட்டர் ரீடிங் மாத நடுவில் எடுக்கப்பட்டால், பில் காட்டும் காலம் ஒன்று, உற்பத்திப் பதிவேடு காட்டும் மாதம் வேறு. மாவின் எடையையும் ரீடிங் தேதியிலிருந்து ரீடிங் தேதி வரை கூட்ட வேண்டும்.

இரண்டாவது, கட்டண உயர்வு. நடுவில் யூனிட் விலை ஏறியிருந்தால், பழைய ரூபாயையும் புதிய ரூபாயையும் ஒரே கோட்டில் அடைப்பது தவறு. ரூபாய்க்குப் பதில் யூனிட்டை வைத்துப் பிரித்துவிட்டு, கடைசியில் இன்றைய விலையால் பெருக்குவதே சரி.

மூன்றாவது, எல்லை. 12,250 ரூபாய் என்பது கூடத்தைப் பூட்டி வைத்தால் வரும் பில் அல்ல. பூட்டினால் குளிர்அறையையும் அணைத்துவிடலாமே! நம்மிடம் இருக்கும் கணக்கு 8,000 கிலோ முதல் 14,000 கிலோ வரைக்குமானது. அதற்கு வெகுதூரம் வெளியே கோட்டை நீட்டக் கூடாது. 25,000 கிலோ அரைக்க இரண்டாவது குளிர்அறை வேண்டும் என்றால், நிலையான செலவே ஒரு படி ஏறிவிடும்.

இவ்வளவும் எதற்கு? ஒரு ஹோட்டல் மாதம் 2,000 கிலோ கூடுதலாகக் கேட்டு, விலையைக் குறைக்கச் சொல்கிறது என்று வையுங்கள். சராசரிக் கணக்குப்படி அந்த ஆர்டரின் மின்செலவு 4,100 ரூபாய். உண்மையில் பில்லில் கூடப்போவது சுமார் 1,960 ரூபாய். இந்த வித்தியாசம் தெரியாமல் ஆர்டரை விட்டுவிடுபவர் உண்டு. ஆர்டர் குறையும்போது பில்லும் அதே அளவு குறையும் என்று நம்பி மாட்டிக்கொள்பவரும் உண்டு.

அவசரத்துக்கு ஒரு மதிப்பீடு வேண்டுமானால் உயர்-தாழ் முறை போதும், ஓரத்து மாதங்கள் இரண்டும் இயல்பானவை என்று தெரிந்திருந்தால். விலை பேசவும் பட்ஜெட் போடவும் ஓராண்டு பில்களாவது வைத்து ரெக்ரஷன் போடுங்கள். எந்த முறையானாலும் எக்செல் விடையை எழுதிக்கொள்வதற்கு முன் புள்ளிகளை வரைபடமாக ஒரு தடவை பாருங்கள். எகிறி நிற்கும் மாதம் இருந்தால், அந்த மாதத்தின் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.